ஒரு வாடிக்கையாளர், நான்கு குறும்பதிவுகள்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்துக்கு இ.ஆர்.பி. மென்பொருள் விற்கப் போகிறவர் முதல் சந்திப்பிலேயே அட்வான்ஸ் செக்கோடு திரும்புவதில்லை. முதலாளி டெமோ பார்ப்பார். "பையனும் ஒருக்கா பார்த்துரட்டுங்க" என்பார். பையன் பார்த்துவிட்டு உற்பத்தி மேலாளரிடம் அனுப்புவார். மேலாளருக்கு ஷிப்மென்ட் நெருக்கடி, அடுத்த மாதம் வரச் சொல்வார். அடுத்த மாதம் போனால் கணக்குப் பிரிவில் இருப்பவர், இது டாலியோடு ஒத்துப்போகுமா என்று கேட்பார். நடுவில் தீபாவளி வரும், போனஸ் வரும், ஆட்கள் ஊருக்குப் போய்த் திரும்புவார்கள். எட்டு, ஒன்பது மாதம் ஓடியபின் மறுபடி எல்லோரும் ஒரே மேசையில் உட்காரும்போது, முதல் நாள் பார்த்த டெமோவில் பாதி யாருக்கும் நினைவிருக்காது.

இந்த நீண்ட இடைவெளியில் விற்பனைப் பிரதிநிதி கையில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் ஒரு எட்டுப் பக்க பி.டி.எஃப். முதல் பக்கத்தில் வாடிக்கையாளர் நிறுவனத்தின் வரலாறு, அடுத்து அவர்கள் சந்தித்த 'சவால்கள்', பிறகு மென்பொருளின் பெருமை, கடைசியில் தடித்த எழுத்தில் ஒரு சதவீதம். அனுப்புகிற பிரதிநிதியே அதை முழுதாகப் படித்திருப்பாரா என்பது சந்தேகம். வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தால் முதலாளி திறந்துகூடப் பார்க்க மாட்டார்.

அந்த எட்டுப் பக்கத்தை ஓரம் வைத்துவிட்டு, ஒரே வாடிக்கையாளரிடம் எடுத்த ஒரே பேட்டியிலிருந்து நூற்றைம்பது சொற்களுக்குள் அடங்கும் நான்கு குறும்பதிவுகளை எப்படி எடுப்பது என்பதை இந்த அத்தியாயம் காட்டுகிறது. இதில் வரும் கோவை மென்பொருள் நிறுவனமும் அதன் திருப்பூர் வாடிக்கையாளரும் விளக்கத்துக்காகக் கட்டிய மாதிரிகள். அவர்களுடைய எண்களும் அப்படியே. வேலையின் வரிசை மட்டும் எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும்.

வாங்குகிறவரின் பயம்

ஜெர்மனியின் லிடில் சில்லறை வணிக நிறுவனம் 2011இல் சாப் மென்பொருளுக்கு மாறும் பெரிய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2018இல் அதைக் கைவிட்டது. அதற்குள் செலவான தொகை சுமார் 50 கோடி யூரோ என்று செய்திகள் வந்தன. காரணங்கள் பல இருந்தாலும் அதிகம் பேசப்பட்டது ஒரு சின்ன விஷயம். லிடில் தன் சரக்கிருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிட்டு வந்தது. மென்பொருளின் வழக்கமான அமைப்போ விற்பனை விலையை வைத்துக் கணக்கிட்டது. நிறுவனம் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை, மென்பொருளை வளைக்கப் போனதில் வேலை பெருகிக்கொண்டே போனது.

திருப்பூர் முதலாளிக்கு லிடிலின் இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதே பயம் அவருக்கு வேறு பெயரில் இருக்கிறது. பக்கத்துக் கம்பெனியில் இருபது லட்சம் போட்டு வாங்கிய சாஃப்ட்வேர் இப்போது வெறும் பில் போடுவதற்கு மட்டும் ஓடுகிறது என்று அவர் கேள்விப்பட்டிருப்பார். உங்கள் மென்பொருள் நல்லது என்று நிரூபித்துவிட்டால் அவர் சமாதானம் ஆகிவிட மாட்டார். 'நம்ம இடத்தில், நம்ம ஆட்களை வைத்து, இது ஓடுமா?' என்பதுதான் அவர் கேட்கும் கேள்வி.

அந்தக் கேள்வியைக் கேட்பவரும் ஒருவர் அல்லர். சி.இ.பி. என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் எடுத்த கணக்கில், நிறுவனங்களுக்கான பெரிய கொள்முதல் ஒன்றில் சராசரியாக 5.4 பேர் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. 2015இல் வந்த 'தி சேலஞ்சர் கஸ்டமர்' நூல் இந்த எண்ணைச் சுற்றித்தான் கட்டப்பட்டது. நம் ஊரில் அந்த ஐந்து பேரையும் பெயர் சொல்லியே காட்டிவிடலாம். முதலாளிக்குப் பணம் முடங்கிவிடுமோ என்ற பயம். உற்பத்தி மேலாளருக்குத் தன் பிரிவின் ஓட்டைகள் திரையில் தெரிந்துவிடுமே என்ற பயம். இதை அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். கணக்குப் பிரிவுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வந்துவிடுமோ என்ற பயம். ஸ்டோர்காரருக்குக் கம்ப்யூட்டரே பயம். வெளியூரில் எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்த மகனுக்கு மட்டும் பயமில்லை. அப்பாவைச் சம்மதிக்க வைக்க அவருக்கு ஆதாரம் வேண்டும்.

ஒரே பதிவால் இந்த ஐவருக்கும் பதில் சொல்ல முடியாது. எட்டுப் பக்க பி.டி.எஃப். தோற்பதற்குக் காரணம் அதன் நீளம் மட்டும் இல்லை, அது எல்லோரிடமும் ஒரே நேரத்தில் பேசுவதுதான். ஒரு குறும்பதிவு ஒருவருடைய ஒரு பயத்தைத் தொட்டால் போதும்.

இன்னொரு கணக்கும் இங்கே உதவும். ஆஸ்திரேலியாவின் ஏரன்பர்க்-பாஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜான் டாஸ் 2021இல் எளிமையாக ஒன்றைச் சொன்னார். ஒரு வகைப் பொருளை நிறுவனங்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாங்குகின்றன என்றால், ஓர் ஆண்டில் வாங்கப் போவது ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 சதவீதம். ஒரு காலாண்டுக்கு 5 சதவீதம். மீதி 95 பேர் இப்போது சந்தையிலேயே இல்லை. இ.ஆர்.பி. பத்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுகிற பொருள் என்று வைத்துக்கொண்டால் அந்த ஐந்தும் இரண்டரையாகிவிடும். ஆக, பதிவைப் படிக்கும் நூறு பேரில் தொண்ணூற்றேழு பேருக்கு இன்று எதுவும் வாங்கும் எண்ணமில்லை. 'இன்றே டெமோவுக்கு அழையுங்கள்' என்று முடிக்கும் பதிவு அவர்களுக்கு வெறும் இரைச்சல். ஆனால் 'கட்டிங் மேசைக்கு வந்த பிறகு துணி குறைந்தால்...' என்று தொடங்கும் பதிவு, இரண்டு வருடம் கழித்து அவர்கள் மேசையில் துணி குறையும் நாளில் நினைவுக்கு வர வாய்ப்பு உண்டு.

கதை தொடங்கும் நாள்

மென்பொருள் ஓடத் தொடங்கி ஓராண்டு ஆன பிறகு, வாடிக்கையாளர் மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அதன்பின் கேமராவும் கையுமாகப் போவதுதான் வழக்கம். "முன்னாடி எப்படி இருந்துச்சுங்க?" என்று கேட்டால், "ரொம்பச் சிரமமுங்க" என்பார்கள். எவ்வளவு சிரமம் என்று கேட்டால் யாரிடமும் எண் இருக்காது. நோட்டுகளும் எடைக்குப் போயிருக்கும்.

நம் மாதிரிக் கோவை நிறுவனம் இதைத் தலைகீழாக மாற்றியது. மென்பொருளை நிறுவப் போகும் பொறியாளர் முதல் வாரத்திலேயே ஒரு பக்கத் தாள் ஒன்றை நிரப்புகிறார். வாடிக்கையாளரை அதிகம் வாட்டும் ஒரே ஒரு தொல்லை எது, கடந்த ஆறு மாதத்தில் அது எத்தனை முறை நடந்தது, அந்த எண் எந்த நோட்டிலிருந்தோ எந்த எக்செல்லிலிருந்தோ எடுக்கப்பட்டது, அதை எண்ணியவர் யார் என்ற நான்கு கேள்விகள்தான் அதில். தாளின் கீழே உற்பத்தி மேலாளரின் கையெழுத்து. நோட்டின் பக்கங்களைப் போனில் படம் எடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். இதற்கு அரை நாள் ஆகும். விளம்பரத்துக்கு என்று சொன்னால் எந்த மேலாளரும் ஒத்துழைக்க மாட்டார். 'நாளைக்கு மென்பொருள் வேலை செய்ததா என்று பார்க்க நமக்கே வேண்டுமே' என்று சொன்னால் செய்வார். அது உண்மையும்கூட.

இந்தத் திருப்பூர் வாடிக்கையாளரின் தாளில் இருந்த தொல்லை, துணி பற்றாமல் போவது. நூல் வாங்கி, நிட்டிங்குக்கு அனுப்பி, கிரே துணியாக வாங்கி, டையிங்குக்கு அனுப்பி, காம்பேக்டிங் முடித்து, கட்டிங்குக்கு வருவதற்குள் துணி நான்கைந்து இடங்களைத் தாண்டுகிறது. ஒவ்வோர் இடத்திலும் எடை கொஞ்சம் குறையும். 1,000 கிலோ கிரே துணி அனுப்பி, 10 சதவீதம் கழிவு என்று பேசியிருந்தால் 900 கிலோ திரும்ப வேண்டும். 870 வந்தால் அன்றே கேட்டால்தான் உண்டு. ஸ்டோர் நோட்டில் அனுப்பியது ஒரு பக்கத்திலும் வந்தது வேறொரு பக்கத்திலும் இருந்ததால், அந்த 30 கிலோ காணாமல் போனது பத்து நாள் கழித்துக் கட்டிங் மேசையில்தான் தெரிந்தது. பிறகு மறுபடி நூல், மறுபடி டையிங், மறுபடி அதே நிறம் வருமா என்ற கவலை. கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போகும், அந்தச் செலவும் ஏற்றுமதியாளர் தலையில்.

2023 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 42 ஆர்டர்களில் 15இல் இப்படி நடந்திருந்தது. தாளில் பதிந்த எண் அது.

பேட்டி

2024 அக்டோபரில், பதிவு எழுதும் பெண் தொழிற்சாலைக்கே போனார். வீடியோ அழைப்பில் முடித்திருக்கலாம்; முடித்திருந்தால் பேட்டி கொடுத்திருப்பவர் முதலாளியின் மகன். அவருக்கு எல்லாம் பிடித்திருந்தது, அதனாலேயே அவரிடம் சொல்ல எதுவும் இருக்காது. மென்பொருளை எதிர்த்துவிட்டுப் பிறகு ஏற்றுக்கொண்டவரைத் தேட வேண்டும். இங்கே அது உற்பத்தி மேலாளர்.

'எங்கள் மென்பொருள் எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் மரியாதைக்காக ஒரு பாராட்டு கிடைக்கும். அமெரிக்காவின் பாப் மோஸ்டா, வாங்கிய கதையைக் காலவரிசையில் கேட்கும் ஒரு முறையைப் பிரபலப்படுத்தியவர்: முதன்முதலில் எப்போது 'இப்படியே போனால் ஆகாது' என்று தோன்றியது, யாரிடம் முதலில் பேசினீர்கள், எது தடுத்தது, கடைசியில் எது தள்ளியது. திருப்பூர் மேலாளரிடமும் இதே வழிதான் வேலை செய்தது.

"வேண்டாம்னு எப்போங்க சார் தோணுச்சு?" என்று கேட்டார் அந்தப் பெண்.

மேலாளர் சிரித்தார். "வாங்குனதுக்கு அப்பறந்தான் அம்மணி. முத ரெண்டு மாசம் ஸ்டோர்ல நோட்டும் எழுதுவாங்க, சாயங்காலமா உக்காந்து கம்ப்யூட்டர்லயும் போடுவாங்க. ரெண்டும் ஒத்து வராது. நான் நோட்டத்தான் நம்புனேன்."

"அப்பறம்?"

"ஒரு நாள் கேட்ல சொல்லிட்டேன். கம்ப்யூட்டர்ல அடிச்ச டிசி இல்லாம எந்த வண்டியும் வெளிய போகக் கூடாதுன்னு. மூணு நாள் எல்லாரும் என்னயத் திட்டுனாங்க. டையிங் யூனிட்டுக்காரரு போன் பண்ணித் திட்டுனாரு. நாலாம் நாள் நோட்ட மூடிட்டாங்க."

பேட்டியில் கிடைத்த மிகச் சிறந்த விஷயம் இதுதான். டிசி என்பது டெலிவரி சலான், சரக்கோடு போகும் சீட்டு. திருப்பூரில் இதை விளக்க வேண்டியதில்லை. மென்பொருள் எந்தத் திரையில் என்ன காட்டியது என்பதைவிட, அதை ஓட வைக்க ஒரு மேலாளர் கேட்டில் போட்ட உத்தரவு வாங்குகிறவருக்கு அதிகம் பயன்படும். அவரும் நாளைக்கு அதைத்தான் செய்ய வேண்டியிருக்கும். பேட்டி எடுப்பவர்கள் பலர் இந்த இடத்தில் நெளிவார்கள், இரண்டு மாதம் சரியாக ஓடவில்லை என்று எப்படி எழுதுவது என்று. எழுதத்தான் வேண்டும். தடுமாற்றமே இல்லாத கதையைத் தொழிற்சாலை நடத்துகிற யாரும் நம்புவதில்லை.

பேட்டி முழுவதையும் அனுமதி கேட்டு ஒலிப்பதிவு செய்துகொண்டார். அதோடு நிற்காமல், ஸ்டோர்காரரிடம் அவர் இடத்திலேயே இருபது நிமிடம் உட்கார்ந்தார். "அண்ணா, ஒரு டிசி போட்டுக் காட்டுங்க" என்றார். அவர் இரண்டு விரலால் தட்டி, ஒன்றரை நிமிடத்தில் போட்டார். அந்த ஒன்றரை நிமிடமும் பிறகு ஒரு பதிவானது.

'60 சதவீதம்' என்ற எண்ணைப் பிரித்தல்

பேட்டி முடிகிற நேரத்தில் மகன் வந்து, "எழுதிக்கோங்க, துணிப் பற்றாக்குறை 60 சதவீதம் குறைஞ்சுருச்சு" என்றார். எங்கிருந்து வந்தது இந்த எண்? 2024 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 6 ஆர்டர்களில் துணி குறைந்திருந்தது. 15 என்பது 6 ஆனால் குறைந்தது 9. அது 15இல் 60 சதவீதம். கணக்கு சரிதான்.

ஆனால் 2024இல் மொத்த ஆர்டர்களே 38. முந்தைய ஆண்டு 42. ஆர்டர் குறைந்தால் பற்றாக்குறையும் தானாகக் குறையும். எனவே ஒப்பிட வேண்டியது 42இல் 15ஐயும் 38இல் 6ஐயும். அதாவது சுமார் 36 சதவீதமாக இருந்தது 16 ஆகியிருக்கிறது.

இது போதுமா? அந்தப் பெண் இன்னொரு கேள்வி கேட்டார். "இந்த ஒரு வருசத்துல சாஃப்ட்வேர் தவிர வேற என்னங்க சார் மாத்துனீங்க?" எண் ஒன்றை வெளியிடும் முன் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது. மேலாளர் யோசித்துவிட்டு, அடிக்கடி எடை குறைத்துக் கொடுத்த ஒரு டையிங் யூனிட்டை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். பழைய நோட்டின் படங்களை எடுத்துப் பார்த்தார்கள். 2023இல் அந்த யூனிட்டுக்குப் போன ஆர்டர்கள் 10, அவற்றில் 5இல் துணி குறைந்திருந்தது. அதைக் கழித்தால் 32 ஆர்டர்களில் 10, ஏறக்குறைய 31 சதவீதம். இப்போது 16.

60 என்று தொடங்கிய பெருமை, நேர்மையாகப் பார்த்தால் 31இலிருந்து 16. பாதிக்குப் பாதி. மார்க்கெட்டிங் மேலாளருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் பதிவைப் படிக்கப் போகிற இன்னொரு திருப்பூர் மேலாளர், '60 சதவீதம்' என்றதும் மனதுக்குள் 'டையிங் யூனிட்ட மாத்திருப்பாங்க' என்றுதான் நினைப்பார். அதை நாமே சொல்லிவிட்டால் அவருடைய கேள்வி அங்கேயே அடங்கிவிடுகிறது. இவ்வளவு சிறிய எண்களில் சதவீதத்தைப் பதிவில் போடாமல் '32இல் 10', '38இல் 6' என்று எண்ணிக்கையாகவே எழுதுவது நல்லது. ஒரே பருவத்தின் அதே ஆறு மாதங்களை ஒப்பிட்டதையும் கவனியுங்கள். குளிர்கால ஆர்டரையும் கோடைகால ஆர்டரையும் ஒப்பிட்டிருந்தால், துணி வகையே வேறாக இருப்பதால், எண்ணுக்குப் பொருளே இருந்திருக்காது.

முதல் பதிவு

உற்பத்தி மேலாளர்களுக்கான பதிவு கடைசியில் இப்படி அமைந்தது:

> துணி குறைவது கட்டிங் மேசையில்தான் தெரிகிறதா?
>
> திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் 2023 ஏப்ரல்–செப்டம்பரில் 42 ஆர்டர்களில் 15இல் துணி பற்றவில்லை. டையிங்குக்குப் போனதும் வந்ததும் ஸ்டோர் நோட்டில் வெவ்வேறு பக்கங்களில் இருந்தன.
>
> அந்த ஆண்டு நவம்பரில் எங்கள் மென்பொருளைப் போட்டார்கள். முதல் இரண்டு மாதம் அது சரியாக ஓடவில்லை. நோட்டும் தொடர்ந்தது, இரண்டும் ஒத்துப்போகவில்லை.
>
> "கம்ப்யூட்டர்ல அடிச்ச டிசி இல்லாம எந்த வண்டியும் வெளிய போகக் கூடாதுன்னு கேட்ல சொல்லிட்டேன். மூணு நாள் எல்லாரும் என்னயத் திட்டுனாங்க. நாலாம் நாள் நோட்ட மூடிட்டாங்க" என்கிறார் உற்பத்தி மேலாளர்.
>
> 2024இல் அதே ஆறு மாதத்தில் 38 ஆர்டர்களில் 6இல் மட்டுமே துணி குறைந்தது. இடையில் ஒரு டையிங் யூனிட்டை அவர்கள் நிறுத்தியதும் இதற்கு ஒரு காரணம். அந்த யூனிட்டின் ஆர்டர்களைக் கழித்துப் பார்த்தால் 32இல் 10 என்பது 38இல் 6 ஆகியிருக்கிறது.
>
> மீதி ஆறிலும் துணி ஏன் குறைந்தது? நான்கில் நிட்டிங்கிலேயே எடை தவறு. அதை மென்பொருள் இன்னும் பிடிப்பதில்லை.

முதல் வரி படிப்பவரின் தொல்லை. மென்பொருளின் பெயர் அங்கே இல்லை. போன் திரையில் முதல் இரண்டு, மூன்று வரிதான் தெரியும், மீதி மடங்கிவிடும். அந்த இடத்தை நிறுவனத்தின் பெயருக்கோ 'பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்பதற்கோ கொடுத்தால் போச்சு. மேலாளரின் பேச்சை எழுத்துத் தமிழுக்கு மாற்றவில்லை. 'இத்தீர்வு எங்கள் செயல்திறனை மேம்படுத்தியது' என்று மாற்றியிருந்தால் அது மேலாளர் பேசியது என்று அவர் வீட்டிலேயே நம்ப மாட்டார்கள். மென்பொருள் செய்யாததைச் சொல்லும் கடைசி வரிக்கு நிறுவனத்துக்குள் சண்டை நடந்தது. அதை எடுத்துவிட்டால், விற்பனைப் பிரதிநிதி ஏழாவது மாதத்தில் அதே கேள்விக்கு ஆயத்தமில்லாமல் நிற்பார்.

மீதி மூன்று

ஒரே பேட்டிக் குறிப்புகளிலிருந்து மற்ற மூன்றும் எளிதாக வந்தன. ஸ்டோர்காரரின் இரண்டு விரல் தட்டச்சும் ஒன்றரை நிமிடமும், 'எங்க ஆளுங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாதே' என்கிற முதலாளிகளுக்கான பதிவு. எண்பது சொற்கள்கூட அதற்கு அதிகம்.

கணக்குப் பிரிவுக்கான பதிவு ஐ.டி.சி.-04 படிவத்தைப் பற்றியது. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கின் கணக்கைக் காட்டும் ஜி.எஸ்.டி. படிவம் அது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இல்லையென்றால் ஆண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்ய வேண்டும். முன்பு சலான் புத்தகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்தார்கள், இப்போது எத்தனை மணி நேரம் என்பதுதான் பதிவு. இதில் உற்பத்தி பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.

நான்காவது, மகன்களுக்கு. அப்பா ஏன் ஏழு மாதம் தயங்கினார், எந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்ததும் கையெழுத்துப் போட்டார் என்ற கதை. இதை முதலாளியிடமே கேட்டுத்தான் எழுத முடியும். 'மென்பொருள் கம்பெனி மூடிட்டா என் டேட்டா என்ன ஆகும்?' என்பதே அவருடைய கேள்வியாக இருந்தது.

நான்கையும் ஒரே வாரத்தில் வெளியிட்டுத் தீர்த்துவிடக் கூடாது. பொதுவில் மாதம் ஒன்று போதும். பிரதிநிதி தனியாக அனுப்புவதற்குக் கால அட்டவணை கிடையாது: கணக்காளர் டாலியைப் பற்றிக் கேட்ட அன்று மாலையே கணக்குப் பதிவு அவர் வாட்ஸ்அப்புக்குப் போக வேண்டும்.

ஒப்புதல்

மேலாளர் 'போட்டுக்கோங்க' என்று சொன்னது ஒப்புதல் ஆகாது. வெளியிடப் போகும் முழு வாசகமும் படமும் மின்னஞ்சலில் போய், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரிடமிருந்து எழுத்தில் பதில் வர வேண்டும். பெயரோடு வெளியிடலாமா, 'திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம்' என்று மட்டும் சொல்லலாமா, வெளியிடாமல் நேரில் மட்டும் சொல்லலாமா என்ற மூன்றில் ஒன்றை அவரே தேர்ந்தெடுக்கட்டும். பெயர் வேண்டாம் என்றால் அடையாளங்களையும் எடுக்க வேண்டும். இத்தனை மெஷின், இந்த ரோடு, இந்த நாட்டுக்கு ஏற்றுமதி என்று எழுதினால் பெயர் போடாமலே ஊருக்குத் தெரிந்துவிடும்.

வாடிக்கையாளரின் வாடிக்கையாளர், அதாவது வெளிநாட்டு பையரின் பெயர், எக்காரணம் கொண்டும் வரக் கூடாது. அவர்களுடைய ஒப்பந்தங்களில் ரகசியக் காப்பு விதி இருப்பது சகஜம். ஆபத்து அதிகம் புகைப்படத்தில்தான். மேலாளரை அவர் மேசையில் வைத்து எடுத்த படத்தில், பின்னால் சுவரில் அடுத்த பருவத்துச் சாம்பிள்கள் தொங்கிக்கொண்டிருக்கும், லேபிளோடு. நம் மாதிரி நிறுவனம் முதல் படத்தை இதனால்தான் தூக்கிப் போட்டுவிட்டு, கேட்டருகே வண்டியோடு எடுத்த படத்தைப் போட்டது.

வாடிக்கையாளர் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். செபியின் 2015ஆம் ஆண்டு உள்வணிகத் தடை விதிகள், விலையைப் பாதிக்கக்கூடிய வெளியிடப்படாத தகவலைப் பகிர்வதைக் கட்டுப்படுத்துகின்றன. ஆர்டர் எண்ணிக்கையும் செலவுக் குறைப்பும் அதில் சேருமா என்பதை அவர்களுடைய நிறுவனச் செயலர்தான் சொல்ல வேண்டும், மார்க்கெட்டிங் பிரிவு முடிவு செய்யக் கூடாது. பேட்டி கொடுப்பதற்காகப் பராமரிப்புக் கட்டணத்தில் தள்ளுபடி கொடுத்திருந்தால் அதையும் பதிவில் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வெளியிட்ட விளம்பர நெறிகள், பரிந்துரைப்பவரின் கருத்து உண்மையானதாகவும் அண்மைக் காலத்ததாகவும் அனுபவத்தின் அடிப்படையிலும் இருக்க வேண்டும் என்கின்றன. அவை நுகர்வோரை மனதில் வைத்து எழுதப்பட்டவைதான். இருந்தாலும் நிறுவனங்களுக்கு விற்பவர்களும் அந்த அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம்.

வேலை செய்ததா?

ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு விற்பனை மட்டுமே நடக்கும் நிறுவனத்தில், எந்தப் பதிவால் எந்த ஆர்டர் வந்தது என்று சதவீதக் கணக்குப் போடுவது வீண். எண்ணிக்கை அதற்குப் போதாது. விருப்பக் குறிகளை எண்ணுவதும் வீண்தான். அவற்றில் பாதி சொந்த நிறுவனத்து ஊழியர்கள் போட்டவை. பிரதிநிதி தன் குறிப்பில் இரண்டே விஷயங்களை எழுதினால் போதும்: எந்தப் பதிவை யாருக்கு அனுப்பினார், திரும்பி வந்த கேள்வி என்ன. 'நல்லா இருக்குங்க' என்று பதில் வந்தால் பதிவு எதையும் தொடவில்லை. 'கேட்ல நிறுத்துனா டையிங்காரங்க சண்டைக்கு வரலீங்களா?' என்று வந்தால் அவர் தன் கேட்டில் அந்த வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டார் என்று பொருள். பிரதிநிதி பேசியே இராத ஒருவர், அதே நிறுவனத்துக் கணக்காளரோ ஸ்டோர் மேலாளரோ, அந்தப் பதிவைப் பற்றி விசாரித்தால் அது உள்ளே கைமாறிப் போயிருக்கிறது. அந்த வாடிக்கையாளரிடம் பேச போன் எண் கேட்டால் விற்பனை கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அவரிடம் முன்கூட்டியே கேட்காமல் எண்ணைக் கொடுக்கக் கூடாது, மாதத்துக்கு ஒருவருக்கு மேல் அனுப்பவும் கூடாது.

பதிவு வெளியானதோடு வேலை முடிவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாடிக்கையாளரை அழைத்து, சொன்னது இன்னும் அப்படியேதான் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மென்பொருளை நிறுத்தியிருந்தால் பதிவை எடுத்துவிட வேண்டும். எண் மாறியிருந்தால் தேதியோடு திருத்த வேண்டும். நம் மாதிரி நிறுவனம் 2025 ஏப்ரலில் அழைத்தபோது உற்பத்தி மேலாளர் அங்கே இல்லை, பெருமாநல்லூர்ப் பக்கம் வேறொரு கம்பெனிக்குப் போயிருந்தார். பதிவில் அவர் பதவிக்கு முன்னால் 'அப்போதைய' என்ற சொல்லைச் சேர்த்து, பழைய கம்பெனியிடமும் அவரிடமும் தனித்தனியாக மறுபடி ஒப்புதல் வாங்கினார்கள். அவருடைய புதிய கம்பெனியில் இன்னும் நோட்டுதான்.